கிலோ 7 ரூபாய்க்கும் தக்காளி சந்தைக்கு வருவது ஏன்? விவசாயி கையில் நிற்பது எவ்வளவு?

தக்காளி விலை சரியும்போதெல்லாம் ஒரு கேள்வி கிளம்பும். "கட்டுப்படி ஆகலைன்னா எதுக்கு சந்தைக்குக் கொண்டு வர்றாங்க? ஏதோ லாபம் இருக்கத்தானே செய்யும்?" விலை ஏறும்போது பேச்சு தலைகீழாக மாறும். "தக்காளி விவசாயிங்க எல்லாம் கோடீஸ்வரன் ஆயிட்டாங்க" என்பார்கள். 2023 ஜூலையில் விலை எகிறியபோது இரண்டாவது பேச்சைத்தான் அதிகம் கேட்டோம்.

இந்த இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. விற்பவருக்குக் கிடைக்கும் உபரி வேறு, லாபம் வேறு.

ஒரு பொருளை விற்பவர் மனதில் "இதுக்குக் கீழே போனா விக்க மாட்டேன்" என்று ஒரு விலை இருக்கும். சந்தை விலை அதற்கு மேலே இருந்தால், இரண்டுக்கும் இடையிலான தொகை அவருக்குக் கிடைக்கும் ஆதாயம். இதைத்தான் பொருளாதாரத்தில் 'உற்பத்தியாளர் உபரி' என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த மிகக் குறைந்த விலை எப்படி முடிவாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று பேர், ஒரே விலை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். அங்கே தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில் விலை போகிறது. இனி வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இவை மாறும்.

மூன்று விவசாயிகள். முதலாமவரின் தோட்டம் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டிக்கு 50 ரூபாய் கிடைத்தால் போதும், பறித்துக் கொண்டுவந்துவிடுவார். இரண்டாமவர் தள்ளி இருக்கிறார், வண்டி வாடகை கூடுதல். அவருக்கு 70 ரூபாயாவது வேண்டும். மூன்றாமவர் இன்னும் தொலைவு, பறிக்க ஆளும் வெளியூரிலிருந்து வர வேண்டும். 110 ரூபாய்க்குக் கீழே அவருக்கு வராது.

அன்றைய விலை பெட்டிக்கு 100 ரூபாய், அதாவது கிலோ சுமார் 7 ரூபாய். முதலாமவருக்குப் பெட்டிக்கு 50 ரூபாய் உபரி, இரண்டாமவருக்கு 30 ரூபாய். மூன்றாமவர் சந்தைப் பக்கமே வரமாட்டார்.

முதல் இருவரும் ஒரே விலைக்குத்தான் விற்றார்கள். "உனக்கு 50 ரூபாயே போதுமே" என்று முதலாமவரிடம் யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை. அவருடைய அடிமட்ட விலை என்ன என்று வாங்குபவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது! தெரிந்துவிட்டால் பேரம் அந்த 50 ரூபாயிலிருந்தே தொடங்கும். உபரி முழுக்க வாங்குபவர் பக்கம் நகர்ந்துவிடும்.

அந்த 50 ரூபாய் எங்கிருந்து வந்தது?

முதலாமவரின் கணக்கையே பிரித்துப் பார்ப்போம். ஒரு பெட்டி பறிக்கக் கூலி 25 ரூபாய். வண்டி வாடகை 15 ரூபாய். ஏற்றி இறக்க 5 ரூபாய். மொத்தம் 45. விற்ற பணத்தில் 10 சதவீதம் கமிஷன் கடைக்குப் போகும் என்று வைத்தால், பெட்டி 50 ரூபாய்க்கு விற்றால் 5 ரூபாய் கமிஷன் போக 45 கையில் வரும். செலவுக்கும் வரவுக்கும் சரியாகிவிடும். அதனால்தான் அவருடைய அடிமட்ட விலை 50.

இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனித்தீர்களா? நாற்று, உரம், பூச்சி மருந்து, குச்சி நட்டுக் கயிறு கட்டியது, களை எடுத்தது எதுவுமே இதில் இல்லை.

விட்டுப்போனது தவறுதலாக அல்ல. பழம் சிவந்து நிற்கும் அன்று, அந்தப் பணமெல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பாது. அன்று காலை விவசாயி எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: பறிக்கிறதா, விடுகிறதா? அந்த முடிவுக்குப் பறிப்புச் செலவும் கொண்டுபோகும் செலவும் மட்டும்தான் கணக்கு.

நாற்று நடுவதற்கு முந்தைய நாள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் வேறு. ஏக்கருக்கு 80,000 ரூபாய் சாகுபடிச் செலவு, விளைச்சல் 800 பெட்டி என்று வையுங்கள். பெட்டிக்கு 100 ரூபாய் கூடுதல். பறிப்பு, வண்டி, கமிஷன் எல்லாம் சேர்த்தால் பெட்டிக்கு சுமார் 161 ரூபாய் கிடைத்தால்தான் போட்ட பணம் திரும்பும். "161-க்குக் கீழேன்னா நடவே மாட்டேன்" என்றிருப்பார்.

அதே மனிதர், அதே தோட்டம். சில மாத இடைவெளியில் அவர் ஏற்கும் விலை 161-லிருந்து 50-க்கு இறங்கிவிட்டது. அவர் பேராசையை விட்டுவிட்டதால் அல்ல, பழம் காத்திருக்காது என்பதால்.

உபரி இருக்கு, ஆனா நஷ்டம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விலை 100 ரூபாய். கமிஷன் 10, இதர செலவு 45 போக, பெட்டிக்கு 45 ரூபாய் விவசாயி கையில் நிற்கும். முன்பு சொன்ன 50 ரூபாய் உபரியில் 5 ரூபாய் கமிஷன் கடைக்குப் போய்விட்டது. 800 பெட்டிக்கு 36,000 ரூபாய் வரும். ஆனால் சாகுபடிக்குப் போட்டது 80,000. ஆக 44,000 ரூபாய் நஷ்டம்.

பறிக்காமல் விட்டிருந்தால்? முழு 80,000-மும் நஷ்டம். அதனால் பறித்தது சரியான முடிவு. நஷ்டத்திலும் சந்தைக்கு வருவது இதனால்தான். லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்குகிறது என்றால், விலை பறிப்புக் கூலியைத் தாண்டி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். விவசாயம் கட்டுப்படியாகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பெட்டி 40 ரூபாய்க்குப் போனால் கதை மாறும். கமிஷன் போக 36 ரூபாய்தான் வரும், செலவோ 45. ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து 9 ரூபாய் போட வேண்டும். அப்போதுதான் பழத்தைச் செடியிலேயே விடுவதும், ஆடு மாடுகளை மேயவிடுவதும், டிராக்டர் விட்டு உழுவதும் நடக்கிறது. சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளி இன்னொரு ரகம். நல்ல விலையை எதிர்பார்த்துப் பறித்துக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கியிருக்கும். திரும்ப எடுத்துப்போக இன்னொரு வாடகை ஆகும் என்பதால் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள்.

இந்த 50-க்கும் 161-க்கும் நடுவிலுள்ள பகுதிதான் ஆபத்தானது. வெளியிலிருந்து பார்த்தால் சந்தை வழக்கம்போல நடக்கும், வரத்து குறையாது, செய்தியும் ஆகாது. உள்ளே விவசாயி கடனாளி ஆகிக்கொண்டிருப்பார். அதன் விளைவு அடுத்த நடவில்தான் தெரியும். பலர் தக்காளியை விட்டு வேறு பயிருக்குப் போவார்கள், வரத்து குறையும், விலை ஏறும்.

விலை 1,000 ஆனா கோடீஸ்வரனா?

2023-ல் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் மகாராஷ்டிராவில் கிலோ சில ரூபாய்க்குக் கூட வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தக்காளியைக் கொட்டினார்கள். இரண்டே மாதத்தில் நாட்டின் பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

அப்படி ஒரு நாளில் நம்முடைய விவசாயிக்குப் பெட்டி 1,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைப்போம். கமிஷன் 100, செலவு 45 போக பெட்டிக்கு 855 ரூபாய். 800 பெட்டி இருந்தால் 6,84,000 ரூபாய். தலைப்புச் செய்தி ஆவது இந்த மனிதர்தான்.

ஆனால் விலை ஏன் ஏறியது? பலரிடம் 800 பெட்டி இல்லாததால்தான் ஏறியது. வெயிலிலும் நோயிலும் அடிபட்டு 200 பெட்டி மட்டும் எடுத்தவருக்கு 1,71,000 ரூபாய் வரும். சாகுபடிச் செலவு போக 91,000. நல்ல காசுதான், ஆனால் முந்தைய பருவத்தின் 44,000 நஷ்டத்தை இதில்தான் அடைக்க வேண்டும். மே மாதமே தோட்டத்தை உழுதுபோட்டவருக்கு? எதுவும் இல்லை. உபரி கிடைக்க விலை மட்டும் போதாது, விற்கச் சரக்கும் வேண்டும்.

கடையில் கொடுக்கும் விலையும் விவசாயி பெறும் விலையும் ஒன்றல்ல. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 பைசா என்று மதிப்பிட்டது. மீதி போக்குவரத்து, அழுகல் கழிவு, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று பிரிகிறது. அவர்களுக்கும் செலவு உண்டு என்பதால் மீதி முழுவதும் அவர்களின் உபரி என்று சொல்லிவிடவும் முடியாது.

விவசாயியின் உபரி கசியும் இன்னொரு வழி, முன்பணம். சாகுபடிக்குக் கமிஷன் கடையில் பணம் வாங்கியவர், விளைச்சலை அந்தக் கடைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். பக்கத்துச் சந்தையில் 150 ரூபாய் போகிறது என்று போனில் தெரிந்தாலும் இங்கே 120-க்கே கொடுப்பார். அந்த 30 ரூபாயை எந்தக் கணக்குச் சீட்டிலும் பார்க்க முடியாது.

அரசு தலையிட்டால் யாருக்கு இழப்பு?

2023 ஜூலையில் தமிழக அரசு ரேஷன் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. சந்தை விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுக்கும்போது வித்தியாசத்தை அரசு ஏற்கிறது. விவசாயியின் உபரியில் பெரிதாகக் கை வைப்பதில்லை.

வெங்காயத்தில் மத்திய அரசு எடுத்த வழி வேறு. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு உள்நாட்டிலேயே நின்றதால் விலை இறங்கியது. நுகர்வோருக்கு மிச்சமான பணத்தில் பெரும்பகுதி வெங்காய விவசாயிக்குக் கிடைத்திருக்க வேண்டிய உபரி. மகாராஷ்டிராவில் விவசாயிகள் போராடியது இதற்காகத்தான்.

வெங்காயத்தில் இன்னொன்றும் உண்டு. அறுவடை ஆனதும் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ரபி பருவ வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சில மாதம் வைக்கலாம். அதனால் "அடுத்த மாசம் என்ன விலை போகும்?" என்ற எதிர்பார்ப்பும் அந்த விவசாயியின் அடிமட்ட விலைக்குள் வந்துவிடுகிறது. பறிப்புக் கூலி கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு அவர் உடனே இறங்குவதில்லை. பழுத்த தக்காளியை வைத்திருப்பவருக்கு அந்த வசதி சில நாட்களுக்குத்தான்.