வராத நோயாளியும் 160 பவுண்டும்

மருத்துவர் காத்திருக்கிறார், முன்பதிவு செய்த நோயாளி வரவில்லை. அந்த இருபது நிமிடங்களைச் சேமித்து வைத்து நாளை பயன்படுத்த இயலாது. விற்காத ரயில் இருக்கையைப் போல, வண்டி புறப்பட்டதும் அதன் மதிப்பு பூஜ்யமாகிவிடுகிறது. அதே வேளையில், அந்த இடத்திற்காக வேறொருவர் வாரக்கணக்கில் வரிசையில் நிற்கிறார். மருத்துவமனைகள் நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்புவது இந்த இழப்பைக் குறைக்கத்தான். ஆனால், அச்செய்தியின் வாசகத்தை எழுதுவது பெரும்பாலும் யாருடைய கவனத்திற்கும் வராத வேலையாகவே இருக்கிறது.

வாசகம் எவ்வளவு முக்கியம் என்பதை லண்டனில் பார்ட்ஸ் ஹெல்த் என்ற அரசு மருத்துவமனைக் குழுமம் 2013-14-இல் அளந்து பார்த்தது. அங்கு நடைமுறையில் இருந்த செய்தி இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் கூறிவிட்டு, 'ரத்து செய்ய விரும்பினால் உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்கவும்' என்று முடிந்தது. கடிதம் எந்த அலமாரியில் இருக்கிறதோ! சுமார் பத்தாயிரம் புறநோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பழைய செய்தி. அடுத்த பிரிவுக்கு, தொலைபேசி எண் செய்தியிலேயே தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு, பத்தில் ஒன்பது பேர் தவறாமல் வருகிறார்கள் என்று கூறப்பட்டது. நான்காம் பிரிவினர், தாங்கள் வராவிட்டால் தேசிய சுகாதார சேவைக்குச் சுமார் 160 பவுண்டு செலவாகும் என்று படித்தனர்.

பழைய செய்தி பெற்றவர்களில் 11.1 சதவீதத்தினர் வரவில்லை. செலவைச் சொன்ன செய்தியில் அது 8.4 சதவீதமாகக் குறைந்தது. மற்ற இரண்டும் இடையில் நின்றன. அடுத்த சோதனையில் தொகையைக் கூறாமல், 'நீங்கள் வராவிட்டால் பணம் செலவாகும்' என்று பொதுவாக எழுதிப் பார்த்தனர். வராதோர் 9.9 சதவீதம். தொகையைக் குறிப்பிட்டபோது 8.2 சதவீதம். மனத்தில் பதிந்தது அறிவுரையன்று, எண்தான் என்று தோன்றுகிறது.

இதில் பொருளியலாளனாக எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. 160 பவுண்டு என்பது சராசரிச் செலவு. ஒருவர் வராததால் மருத்துவரின் ஊதியமோ கட்டட வாடகையோ கூடுவதில்லை; வீணாவது நேரமே. எனவே அத்தொகையைச் சொல்லும் மருத்துவமனை, கணக்குக் கேட்டால் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் தனியார் மருத்துவமனையில் இந்த வாசகமே பொருந்தாது. இம்முறை எங்கும் பலிக்கும் என்றும் கொள்ளலாகாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் நினைவூட்டல் கடிதங்களில் இத்தகைய வாசகங்களைச் சேர்த்தபோது, வருகை கூடவில்லை.

தமிழில் எழுதுவோருக்குத் தனித் தடை ஒன்றுண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறியீடுகளே. அதிலும் 'கி' என்பது க, இகரக் குறி என இரண்டாகவும், 'க்' புள்ளியோடு இரண்டாகவும் கணக்கிடப்படும். கீழ்க்காணும் செய்தியைப் பாருங்கள்:

'கண் பரிசோதனை: 24.9 புதன் காலை 10 மணி. வர இயலாவிடில் அழைக்க: [எண்]'

அடைப்பை நீக்கி அங்கே பத்து இலக்க எண்ணை இட்டால் இடைவெளிகள் உட்பட மிகச் சரியாக 70. மருத்துவமனையின் பெயரை அனுப்புநர் பெயரே காட்டிவிட வேண்டும். 'அழைக்க' என்பதை மரியாதை கருதி 'அழைக்கவும்' என்றாக்கினால் 74 ஆகிவிடும். செய்தி இரண்டாகப் பிரிந்து, கட்டணமும் இரட்டிப்பாகும். செலவு பற்றிய வரியைச் சேர்க்க விரும்புவோர் இரண்டாம் செய்திக்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். அவ்வாறு ஒதுக்க இயலாத இடத்தில், நான் செலவு வரியை விடுவேனே தவிர, தொலைபேசி எண்ணை விடமாட்டேன். வர முடியாதவர் முன்கூட்டியே சொன்னால்தான் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். ஆகவே செய்தி முந்தின இரவில் அல்லாமல் சில நாட்கள் முன்னதாகவே சென்றாக வேண்டும். அந்த எண்ணை எடுத்துப் பேச ஓர் ஆளும் வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தால், நோயாளி இரண்டாம் முறை முயலமாட்டார்.

பலன் கிடைத்ததா என்பதை அறிய, சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது போதாது. மழையும் பண்டிகையும் கணக்கைக் குழப்பிவிடும். பதிவு எண் ஒற்றைப்படையில் முடிவோருக்குப் பழைய செய்தியும், இரட்டைப்படையில் முடிவோருக்குப் புதிய செய்தியும் அனுப்பலாம். லண்டனில் கண்ட அளவு வேறுபாட்டை நம்பத்தக்க வகையில் காண, ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டாயிரம் பேராவது தேவை. வராதோர் எண்ணிக்கையோடு, முன்கூட்டியே ரத்து செய்தோர் எத்தனை பேர், அவ்வாறு காலியான இடங்களில் எத்தனை மீண்டும் நிரம்பின என்பதையும் குறித்துவர வேண்டும்.