அழகர் திருவிழாக் காணொலி: இளைஞரை ஒரே இடத்துக்கு அழைக்காதீர்

மதுரைச் சித்திரைத் திருவிழாவை இளைஞர்களுக்கு அறிவிக்கும் ஒரு நிமிடக் காணொலிகளில் பெரும்பாலானவை, தங்கக் குதிரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் காட்சியையும் அழுத்த மோட்டாரால் அவர்மேல் தண்ணீர் பாய்ச்சும் காட்சியையும் மட்டுமே காட்டுவதை, விழாத் தொண்டில் ஈடுபட்டுள்ள இக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. கொரோனாவால் 2 ஆண்டுகள் மக்களின்றி நடந்த விழா 2022 ஏப்ரலில் மீண்டபோது, ஆற்றில் இறங்கும் அந்த விடியலில் ஏற்பட்ட நெரிசலில் 2 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர் என்பது மதுரை அறிந்ததே. அவ்வாறிருந்தும் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு அனைவரையும் அழைக்கும் வசனங்கள் எழுதப்படுவது பொறுப்பற்ற செயலாகும்.

அதனினும் பெரிய குறை தண்ணீர் பற்றியது. ஆட்டுத்தோலைத் தைத்துச் செய்யும் தோப்பறை எனும் பையில் நீர் நிரப்பி, அதன் சிறிய குழாய்முனை வழியே கையால் அழுத்திப் பீய்ச்சுவதே மரபு. அந்நீர் மெல்லிய தாரையாக வளைந்து விழும். மோட்டார் நீரோ நேராகப் பாய்ந்து, அழகரின் அணிகளையும் வாகனத்தையும், உடன்வரும் பட்டர்களையும் தாக்கும். இதனால்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-இல் அழுத்த மோட்டாருக்குத் தடை விதித்தது. தடை செய்யப்பட்டதை அழகிய காட்சியாகக் காட்டுவது, அதைச் செய்யுமாறு இளைஞரைத் தூண்டுவதாகவே முடியும்.

நிதானமாகப் பேசினால் 60 விநாடிக்குள் ஏறத்தாழ 100 சொற்களே அடங்கும் என்பதால், வசனத்தைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளுமாறு குழு வேண்டுகிறது.

முதல் 15 விநாடி: அழகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 21 கி.மீ. பயணமாக, கள்ளர் வேடத்தில் அழகர் வரும் காட்சி. எதிர்சேவை, அதாவது மதுரைக்குள் நுழையும் அவரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது, ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாளில் மூன்றுமாவடியில் நடைபெறும் என்ற செய்தி.

அடுத்த 25 விநாடி: ஆற்றில் இறங்கிய பின்னர் வரும் இராமராயர் மண்டபத் தீர்த்தவாரி, வண்டியூர்த் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம், இரவில் தசாவதாரக் காட்சி. விழா பல இடங்களில் பரவியது என்பதை அறிந்தவரே கூட்டத்தைப் பகிர்ந்துகொள்வர்.

இறுதி 20 விநாடி: தோப்பறைக் காட்சியும், அதன் நீரில் வாசனைப் பொடியோ இரசாயனமோ கலக்கக் கூடாது என்ற அறிவிப்பும். நாளும் நேரமும் கோயில் நிர்வாகம் அவ்வாண்டுக்கு வெளியிட்டவாறே திரையில் இடம்பெற வேண்டும். சித்திரைப் பௌர்ணமியைச் சார்ந்து நாள் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டுக் காணொலியைத் தேதி மாற்றாமல் பகிர்வோர் மக்களைத் தவறான நாளில் ஆற்றுக்கு அனுப்புகின்றனர்.

பார்வை எண்ணிக்கைக்காக ஆபத்தான அழைப்பை வெளியிடுவோர், 2022-இன் இறப்புகளை அறியாதவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ள முடியாது. அத்தகைய காணொலிகளைப் பகிராது, எடுத்தவர்களிடம் திருத்தம் கோருமாறு மதுரை மக்களை இக்குழு கேட்டுக்கொள்கிறது.