வகுத்தால் வந்துவிடுமா விலை?

மின்கட்டணக் கருத்துக் கேட்புக் கூட்டம் எதற்குப் போனாலும் ஒரு வாதம் தவறாமல் காதில் விழும். போன முறை அதைச் சொன்னவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர். "மொத்தச் செலவை விக்கிற யூனிட்டால வகுத்தா விலை வந்துடப் போகுது. இதுக்கு எதுக்குங்க இத்தனை பக்கம்?" என்றவர், கையிலிருந்த மனுவின் பின்பக்கத்திலேயே வகுத்தும் காட்டினார். வகுத்தல் சரிதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

அவர் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கம்பி இழுப்பது வீண் என்பதால் மின் விநியோகம் ஏகபோகமாகவே நடக்கிறது. கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் ஏகபோகம் விலையை ஏற்றிவிடும் என்பதால் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் கட்டணம் படிப்படியாக வழங்கல் செலவை ஒட்டி வரவேண்டும் என்றே சொல்கிறது. லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம், சராசரிச் செலவே விலையாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். போட்ட முதலுக்கான நியாயமான வருமானமும் செலவுக்குள்ளேயே சேர்த்தி. இதுவரை தகராறு இல்லை.

வகுக்கிற எண்ணில்தான் சிக்கல். விற்கும் யூனிட் என்பது விலையைப் பார்த்து மாறுகிற எண். சராசரிச் செலவோ அந்த யூனிட்டைப் பார்த்து மாறுகிறது. ஆக, விலையைத் தெரிந்துகொள்ள விற்பனை தெரியவேண்டும், விற்பனையைத் தெரிந்துகொள்ள விலை தெரியவேண்டும். இரண்டையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு சிறு நகரத்தை நாமே வைத்துக்கொள்வோம். மின்கம்பி, மின்மாற்றி, சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து மாதம் 45 லட்சம் ரூபாய். ஒரு யூனிட்கூட விற்காவிட்டாலும் இது போயே தீரும். அதற்கு மேல் யூனிட்டுக்கு 2 ரூபாய் செலவு. விலை 20 ரூபாயானால் யாரும் வாங்கமாட்டார்கள். ஒவ்வொரு ரூபாய் குறையக் குறைய விற்பனை ஒரு லட்சம் யூனிட் கூடும். இப்போது விலை 4 ரூபாய் என்றால் விற்பனை 16 லட்சம் யூனிட், வரவு 64 லட்சம், செலவு 77 லட்சம். நட்டம் 13 லட்சம். கணக்காளர் முறைப்படி 77-ஐ 16-ஆல் வகுத்தால் 4.81 ரூபாய். அதையே விலையாக வைத்துப் பாருங்கள். விற்பனை 15.19 லட்சமாகக் குறைந்து, சுமார் 2.3 லட்சம் நட்டம் மறுபடி நிற்கும். நிறுவனம் திறமையில்லாதது என்று அப்போது திட்டு விழும். பாவம், அது செய்த தவறு ஒன்றுமில்லை.

சரியான வழி, ஒவ்வொரு யூனிட்டும் 2 ரூபாய் போக மிச்சம் தருவதை எடுத்து விற்பனையால் பெருக்கி, அது 45 லட்சத்துக்குச் சமமாகும் இடத்தைத் தேடுவது. விற்பனையை லட்சம் யூனிட்டில் Q என்று வைத்தால்:

```
(20 − Q − 2) × Q = 45
Q² − 18Q + 45 = 0
Q = 15  அல்லது  Q = 3
```

15 லட்சம் யூனிட், 5 ரூபாய். வரவு 75, செலவு 30-உம் 45-உம் சேர்ந்து 75. கச்சிதம். ஆனால் விடை இரண்டு வந்திருக்கிறது. 3 லட்சம் யூனிட், 17 ரூபாய் என்று வைத்தாலும் வரவு 51, செலவு 51. லாப நட்டமில்லாத விலை என்றாலே நியாயமான விலை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது விடையை நின்று பார்க்கவேண்டும். அங்கேயும் நிறுவனம் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. ஆனால் ஊரில் பெரும்பாலான வீடுகள் இருட்டில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே, 11 ரூபாயில், கட்டுப்பாடில்லாத ஏகபோகம் போய் உட்காரும். மாதம் 36 லட்சம் லாபம். ஆக, ஆணையம் தேடவேண்டியது வரவும் செலவும் சரியாகும் விலைகளில் குறைந்ததை.

4.81-இல் நின்றாலும் அடுத்த ஆண்டு மறுபடி வகுத்தால் 4.96, அதற்கடுத்து 4.99 என்று 5-ஐ நெருங்கிவிடுமே என்று கேட்கலாம். இந்த ஊரில் நெருங்கும். எந்தச் செலவுக்கும் அதை ஈடுகட்டும் விலை ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. அதைத்தான் நான் முழுதாக மறுக்கிறேன்.

கோவை, திருப்பூர் மில்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாரியக் கட்டணம் கட்டுப்படியாகாதபோது முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் சொந்தக் காற்றாலை போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அதுபோல நம் நகரத்தின் பெரிய வாடிக்கையாளர்கள் விலகி, எந்த விலையிலும் விற்பனை 5 லட்சம் யூனிட் குறைந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது 5 ரூபாயில் விற்பனை 10 லட்சம், நட்டம் 15 லட்சம். வகுத்து 6.50 என்கிறோம், நட்டம் 6.75 லட்சம். மறுபடி வகுத்து 7.29; நட்டம் 4.2 லட்சம். அப்புறம் 3.2, நான்காவது உயர்வில் 2.8. குறைந்துகொண்டே வருகிறதே என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஐந்தாவது உயர்வில் அசையாது. ஆறாவதில் 3.16, ஏழாவதில் சுமார் 4.15 என்று திரும்பி ஏறும். அப்புறம் விலை ஏற ஏற ஆட்கள் ஓட, ஆட்கள் ஓட ஓட விலை ஏறும்.

காரணம் லேசானது. இந்த ஊரில் எந்த விலை வைத்தாலும், யூனிட்டுக்கு 2 ரூபாய் போக நிற்கும் மிச்சத்தின் உச்சம் 8.50 ரூபாயில் 42.25 லட்சம்தான். 45 லட்சம் வேண்டும். அந்த விலை இல்லவே இல்லை. இதை ஏழு ஆண்டு காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு உயர்வுக்குப் பிறகும் அந்த மிச்சம் கூடியதா என்று பார்த்தால் போதும். கூடுவது நின்ற பிறகும் விலையைக் கூட்டுவது நிறுவனத்தையும் காப்பாற்றாது.

அப்படியானால் ஊருக்கு மின்சாரம் கட்டுப்படியாகாது, மூடிவிடலாம் என்பது அடுத்த வாதம். அதுவும் நிற்காது. 2 ரூபாய்க்கே கொடுத்தால் மக்கள் 13 லட்சம் யூனிட் எடுப்பார்கள். அவர்கள் தரத் தயாராக இருந்ததற்கும் தந்ததற்கும் உள்ள வித்தியாசம் 84.5 லட்சம். 45 லட்சத்தைவிட அது எவ்வளவோ மேல். ஊரின் வலிமை போதும்; ஒற்றை விலையால் அதை வசூலிக்க முடியவில்லை, அவ்வளவே. 1938-இல் ஹரால்ட் ஹோட்டலிங் இந்த இடத்தில் கடைசி யூனிட்டின் செலவையே விலையாக வை, மிச்சத்தை அரசு வரியிலிருந்து தரட்டும் என்றார். 1946-இல் ரொனால்ட் கோஸ் மறுத்தார்: மின்சாரம் பயன்படுத்தாதவன் ஏன் வரி கட்டவேண்டும்? இணைப்புக்கு ஒரு கட்டணம், யூனிட்டுக்கு ஒரு கட்டணம் என்று இரண்டாகப் பிரி என்றார்.

எனக்குக் கோஸ் பக்கம்தான் சாய்வு. 30,000 இணைப்புகள் என்றால் மாதம் 150 ரூபாய் நிலைக்கட்டணம், யூனிட் 2 ரூபாய். கணக்கு நேராகிவிடும்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் இதைச் சொன்னபோது கணக்காளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மாசம் பத்து யூனிட் எரிக்கிற குடிசைக்கும் நூத்தைம்பதா? அந்தம்மா இணைப்பையே வேண்டாம்னுட்டா, உங்க முப்பதாயிரம் எங்கங்க நிக்கும்?"

அதற்கு என்னிடம் ஒற்றை எண் இல்லை. குடிசைக்கு ஒரு நிலைக்கட்டணம், மில்லுக்கு ஒரு நிலைக்கட்டணம் என்று பிரிக்கவேண்டும் என்றேன். "அப்ப மில்லுக்காரன்?" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.