கிழமைக்கு ஒரு டெஸ்ட் வைத்தால் பிள்ளை படித்துவிடுமா?



சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழும்பிக் கேட்டார். "சேர், மாதப் பரீட்சை மட்டும் காணாது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் கிழமைக்கு ஒரு டெஸ்ட் வைங்க. அப்பதான் பிள்ளைகள் படிப்பாங்க." மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். ஆசிரியர்களில் சிலரும் தலையசைத்தார்கள். அன்று எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தரம் 8 பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 12 பாடங்கள். ஒவ்வொன்றிலும் தவணைக்கு இரண்டு மாதப் பரீட்சை, ஒரு தவணைப் பரீட்சை என்றால் 36 வினாத்தாள்கள். மூன்று பாடங்களில் கிழமைக்கு ஒன்று கூட்டினால் இன்னும் 30. மொத்தம் 66. பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்கும் ரியூஷனுக்கும் போய்வரும் 13 வயதுப் பிள்ளை இதை எந்த இரவில் படிப்பது?

எங்கள் பக்கத்துக் கணக்கு இது. தவணையில் படிப்பிக்கக் கிடைப்பது 12 கிழமை என்று வைப்போம். கணிதத்துக்குக் கிழமைக்கு 5 பாடவேளை, ஆக 60. பத்து டெஸ்டுக்குப் பத்துப் பாடவேளை போகும். ஒவ்வொரு தாளையும் திருப்பிக் கொடுத்துப் பிழை விளக்க அரைப் பாடவேளை என்றாலும் இன்னும் ஐந்து. கால்வாசித் தவணை அதிலேயே முடிந்துவிடும். நான்கு வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியரிடம் 136 தாள் சேரும். தாளுக்கு 5 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்குப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல். அதனால்தான் தாள் மூன்று கிழமை கழித்து வருகிறது. அப்போது பாடம் அடுத்த அலகுக்குப் போயிருக்கும். பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடும்.

"சேர், இப்ப தொடர் கணிப்பீடு என்றுதானே சொல்றாங்க?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பாடசாலை மட்டக் கணிப்பீடு 1990களின் இறுதியில் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்தது. பரீட்சையைக் கூட்டுவது அதன் நோக்கம் அல்ல. படிப்பிக்கும்போதே பிள்ளைக்கு எங்கே விளங்கவில்லை என்று பார்த்து அங்கேயே திருத்துவதுதான் நோக்கம். அதை நாங்கள் இரண்டு வழியில் கெடுத்தோம். ஒன்று, தொடர் கணிப்பீட்டைத் தொடர் பரீட்சை ஆக்கினோம். மற்றது, புள்ளி நிரப்பும் படிவம் ஆக்கினோம். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது பெற்றோரின் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு வகுப்பின் கதையைச் சொல்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காண முடியாதபடி இலக்கங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். 100 புள்ளி இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது: தவணைப் பரீட்சை 50, மாதப் பரீட்சைகள் 20, ஒப்படை 20, அப்பியாசக் கொப்பி 10. தாளில் பார்க்க நல்ல பங்கீடு. ஆனால் ஒவ்வொரு நிரலிலும் ஆகக் கூடிய புள்ளியையும் ஆகக் குறைந்த புள்ளியையும் எடுத்துப் பார்த்தேன். தவணைப் பரீட்சையில் 47, 11. மாதப் பரீட்சைகளில் 18, 4. ஒப்படையில் 19, 17. கொப்பியில் 9, 8.

விளங்குகிறதா? ஒப்படைக்கும் கொப்பிக்கும் சேர்த்து 30 புள்ளி ஒதுக்கியிருக்கிறோம். அந்த 30இல் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி கொடுத்தால் அந்தப் புள்ளி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. ஒப்படை என்று வந்தவை பாதி கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்தவை, மீதி உம்மாவின் கையெழுத்து.

இதில் அடிபட்டது யார் தெரியுமா? தவணைப் பரீட்சையில் 11 எடுத்த அந்தப் பிள்ளை. மாதப் பரீட்சைகளில் 4, ஒப்படையில் 17, கொப்பியில் 8. கூட்டினால் 40. முன்னேற்ற அறிக்கையைப் பார்த்த உம்மா "பரவாயில்லை, பாஸ் பண்ணிட்டான்" என்று சந்தோஷப்பட்டார். அந்த 40இல் 25 புள்ளி மட்டை போட்டதற்கும் கொப்பி எழுதியதற்கும் வந்தது. பரீட்சைகளில் அவன் எடுத்தது 70க்கு 15. திசைகொண்ட எண்கள் அவனுக்கு அறவே விளங்கவில்லை. அந்த அறிக்கை அதை மறைத்துவிட்டது. பரீட்சையைக் கூட்டினாலும் இந்தப் பிள்ளைக்கு உதவி வராது, ஒப்படையைக் கூட்டினாலும் வராது.

சரி, வேறு என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. தரம் 8 கணிதத்துக்கு ஒரு தவணையை இப்படிப் போடலாம்.

முதலாவது, அடிக்கடி பார்ப்பதற்குப் புள்ளி வேண்டாம். கிழமைக்கு இரண்டு நாள், பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாளில் இரண்டே கேள்வி. உதாரணமாக (−3) − (−5) எவ்வளவு? சரியான விடை 2. −8 என்று எழுதிய பிள்ளை இரண்டு கழித்தல் அடையாளத்தையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறது. −2 எழுதிய பிள்ளைக்கு வேறு பிரச்சினை, அது எண்களைச் சரியாகக் கழித்து அடையாளத்தில் பிழைத்திருக்கிறது. 34 துண்டையும் சரி, அரைகுறை, விளங்கவில்லை என்று மூன்று குவியலாகப் பிரிக்க ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை என்றால் அடுத்த நாள் முதல் பத்து நிமிடம் அதையே திரும்பப் படிப்பிக்க வேண்டும். நாலைந்து பேர் என்றால் அவர்களைத் தனியே கூப்பிட்டால் சரி. இந்தத் துண்டுக்குப் புள்ளி போட்டால் அன்றே பிள்ளை பக்கத்து வாங்கைப் பார்க்கத் தொடங்கும், உண்மை மறைந்துவிடும்.

இரண்டாவது, புள்ளிக்குரியவை மூன்றே விடயம், அதற்குமேல் தவணைப் பரீட்சை. ஐந்தாம் கிழமையில் ஓர் அலகுப் பரீட்சை, 15 புள்ளி. ஒன்பதாம் கிழமையில் இன்னொன்று, 15 புள்ளி. இடையில் வகுப்பறையிலேயே செய்யும் ஒரு செயற்பாடு, 20 புள்ளி. தவணைப் பரீட்சை 50.

செயற்பாடு வீட்டுக்குப் போகக் கூடாது. சுற்றளவு அலகில் பிள்ளைகள் நாடாவோடு மைதானத்துக்குப் போய் அளக்கட்டும். சரியாக அளந்ததற்கு 5, கணித்ததற்கு 8, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் தானே விளக்குவதற்கு 7. இந்தப் பிரிப்பை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். விளக்கத்துக்கு உள்ள 7ஐ எந்தக் கடையிலும் பிரின்ட் எடுக்க முடியாது. அப்போது 20இல் ஒரு பிள்ளை 18 எடுக்கும், இன்னொன்று 7 எடுக்கும். அந்த 7தான் ஆசிரியருக்குத் தகவல்.

மூன்றாவது, பிந்தி விளங்கிய பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. இரண்டாம் அலகுப் பரீட்சையில் 5 புள்ளிக்கு முதல் பரீட்சையின் பாடத்திலிருந்தே கேளுங்கள். முதலில் 15க்கு 5 எடுத்த பிள்ளை இப்போது அந்தப் பகுதியில் 5க்கு 4 எடுத்தால், அது 15க்கு 12க்குச் சமம். 5ஐயும் 12ஐயும் சராசரி எடுத்தால் 8.5. முதல் பரீட்சையின் புள்ளியை 9 ஆக்குங்கள். முழுதாக 12 கொடுத்தால் முதல் பரீட்சைக்கு யாரும் படிக்க மாட்டார்கள். இது கூட்டுவதற்கு மட்டும், குறைப்பதற்கு அல்ல.

காய்ச்சலோடு வீட்டில் கிடந்த பிள்ளைக்குப் பூச்சியம் போடுவதையும் நிறுத்துங்கள். 15 புள்ளிப் பரீட்சை ஒன்றைத் தவறவிட்ட பிள்ளை மீதி 85க்கு 51 எடுத்தால் அது நூற்றுக்கு 60. பூச்சியம் போட்டுக் கூட்டினால் 51 ஆகும். அந்த 9 புள்ளி கணிதத்தைப் பற்றியது அல்ல, காய்ச்சலைப் பற்றியது.

கடைசியாக, இது ஒரு பாட ஆசிரியர் தனியே செய்யும் வேலை அல்ல. வகுப்புச் சுவரில் ஒரு நாட்காட்டி வேண்டும். பாடவேளை கூடிய ஐந்து பாடங்களுக்கு இரண்டு அலகுப் பரீட்சை, மற்ற ஏழுக்கும் ஒன்று. மொத்தம் 17. மூன்றாம் கிழமையிலிருந்து பத்தாம் கிழமை வரை பரப்பினால் கிழமைக்கு இரண்டு. ஒரு கிழமை மட்டும் மூன்று வரும், அது போகட்டும். நாட்காட்டியில் இடம் இல்லை என்றால் அந்தப் பரீட்சை அந்தக் கிழமை இல்லை. நோன்பு விடுமுறை தவணைக்கு நடுவே வரும் ஆண்டில், பாடசாலை திறந்த முதல் கிழமையில் எதையும் போடக் கூடாது. அந்தக் கிழமை பரீட்சை வைத்தால் பிள்ளையின் மறதியைத்தான் அளப்போம்.

"சாதாரண தரத்தில் எழுத்துப் பரீட்சைதானே வருகிறது, பழக வேண்டாமா?" பழகத்தான் வேண்டும். அதற்குத்தான் தவணைப் பரீட்சைக்கு 50 வைத்திருக்கிறேன். ஆனால் விளங்காத பிள்ளை பத்துத் தடவை எழுதினால் பத்துத் தடவையும் அதே பிழையைத்தான் எழுதும். "ஆசிரியர் தன் சொந்தக்காரப் பிள்ளைக்குப் புள்ளி போடுவாரே?" இந்தக் கேள்வி நியாயமானது, எங்களுக்குக் கசந்தாலும் சரி. செயற்பாட்டில் ஐந்து பிள்ளைகளின் தாளைப் புள்ளி தெரியாமல் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்துவியுங்கள். இருவருக்கும் இடையில் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசித் திரும்பத் திருத்த வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் "சேர், எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். "ஒப்படையில் வகுப்பில் ஆகக் கூடியது எவ்வளவு, ஆகக் குறைந்தது எவ்வளவு? என் பிள்ளைக்கு எந்த அலகு விளங்கவில்லை? அதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத ஆசிரியர் கிழமைக்கு ஒன்று அல்ல, நாளைக்கு ஒன்று வைத்தாலும் பிள்ளைக்குப் பிரயோசனமில்லை. என்னிடமும் கேளுங்கள்.

அந்த 40 புள்ளிப் பிள்ளை இப்போது அடுத்த தரத்தில் இருக்கிறான். திசைகொண்ட எண்கள் விளங்காமல் அங்கே சமன்பாடு தீர்க்க உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இன்னொரு டெஸ்ட் தேவையில்லை. கழித்தல் அடையாளத்தைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவர்தான் தேவை. அதற்கு எங்களுக்கு நேரத்தை விட்டுவையுங்கள்.