போகும்போது ஐந்து பேர், திரும்பும்போது நால்வர்

கோடை விடுமுறை வந்தால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் நம் மக்கள் ஊருக்குப் புறப்படுகிறார்கள். முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவர்கள் எழுதித் தரும் படிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தாராவியில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. திருநெல்வேலிக்குப் போகும் படிவத்தில் ஐந்து பெயர்கள். கடைசிப் பெயருக்கு நேரே வயது 15. திரும்பும் படிவத்தில் நான்கே பெயர்கள். கேட்டோம். "பாப்பா ஆச்சி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார் தகப்பனார். நாம் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டோம். அவர்கள் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பாப்பாவை அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று. மாப்பிள்ளைக்கு வயது 24.

அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிது. ஆனால் அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். காலையில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புகிறார்கள். இருப்பதோ ஒரே அறை. வயதுக்கு வந்த பெண்ணைச் சந்துக்குள் தனியே விட்டுப் போகப் பயம். மூத்தவளுக்குப் போட்ட பந்தலிலேயே இவளுக்கும் முடித்தால் ஒரே விருந்து, ஒரே கடன். பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும். அவன் கேட்கும் பவுனும் அதிகம். அக்காள் மகன் பவுன் கேட்கவில்லை. "இன்றைக்குக் கழுத்தில் ஏறிவிட்டால் நாளைக்கு யார் கழற்றப் போகிறார்கள்?" என்றும் கேட்டார். தோழர்களே, அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சட்டத்தின் ஓட்டை இருக்கிறது.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த சாரதா சட்டம் 14 என்றது. 1978-ல் அது 18 ஆனது. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே மணமானவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். மராட்டியத்தில் 22 பேர்.

காரணம் என்ன? 2006 சட்டம் இத்தகைய திருமணத்தைக் குற்றம் என்கிறது. ஆனால் செல்லாது என்று சொல்வதில்லை. கடத்தியோ விற்றோ ஏமாற்றியோ நடந்தவை போன்ற சில மட்டுமே தாமாகச் செல்லாமல் போகும். மற்றவை செல்லுபடியாகவே நிற்கும், அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் ரத்துச் செய்யும் வரை. அவளுக்கு 20 வயது நிறைவதற்குள் மனுப் போட வேண்டும். 18 நிறையாதவள் தானே மனுப் போட முடியாது. காப்பாளரோ அவள் நலம் நாடும் வேறொருவரோ தடுப்பு அதிகாரியுடன் சேர்ந்து போட வேண்டும். தாலி கட்டி வைத்த தகப்பனே காப்பாளர் என்றால் யார் போடுவது? 20 வயதில் இடுப்பில் பிள்ளையோடு நிற்பவள் எந்த வக்கீலைத் தேடுவாள்? கர்நாடகம் தன் மாநிலத்துக்குச் சட்டத்தைத் திருத்தி, இவ்வகைத் திருமணங்கள் செல்லாது என்று ஆக்கியிருக்கிறது. அதை நம் இரு மாநிலங்களும் ஏன் செய்யக் கூடாது என்பதே நம் கேள்வி.

"போலீஸா வரப்போகிறது?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றம், மனைவியே ஆனாலும் 18 நிறையாத பெண்ணுடன் உறவு கொள்வது பாலியல் வன்முறைக் குற்றமே என்று தீர்ப்பளித்தது. கருவுற்ற சிறுமி ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் அவளை ஆஸ்பத்திரிக்கே அனுப்புவதில்லை. இல்லையென்றால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். யார் மருத்துவம் அதிகம் தேவைப்படும் பிள்ளையோ அவளுக்கே அது கிடைக்காமல் போகிறது.

எனவே தாலிக்கு முன்னால்தான் வேலை. மாஜிஸ்திரேட் தடையாணை கொடுத்துவிட்டால், அதை மீறி ஆயிரம் பேர் முன்னிலையில் கட்டினாலும் அது திருமணமே அல்ல. தடையாணை கேட்கப் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை; விஷயம் தெரிந்த யாரும் முறையிடலாம். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலரே தடுப்பு அதிகாரி. தாராவியில் இருந்துகொண்டே 1098-க்குப் போன் செய்து ஊர், தெரு, தேதி, பெண்ணின் பள்ளி ஆகியவற்றைச் சொன்னால் போதும். மணமாகிப் போய் இங்கே திரும்பி வந்துவிட்ட பெண்ணும் ரத்து மனுவுக்காகத் திருநெல்வேலி போக வேண்டியதில்லை. அவள் குடியிருக்கும் இடத்திலேயே, பாந்திரா குடும்ப நீதிமன்றத்தில் போடலாம். ரத்தானாலும் அவள் மறுமணம் வரை ஜீவனாம்சம் உண்டு. பிள்ளை முறையான பிள்ளையே.

அந்தத் தகப்பனாரிடம் பிறகு இதையெல்லாம் சொன்னோம். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம். நான்கு பெயர் எழுதிய படிவம் நம் கையில்தான் இருந்தது. அடுத்த கோடையில் உங்கள் சாலிலும் ஒரு வீட்டில் மூட்டை கட்டுவார்கள். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேருக்குத் திரும்ப டிக்கெட் என்று கேளுங்கள். வயதையும் கேளுங்கள்.