கடதாசியில் இருக்கிற பரிகாரம்

"ஐரோப்பாக்காரருக்கு ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஒரு நீதிமன்றம் இருக்குது, தெற்காசியாவுக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால்..." மனித உரிமை பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் யாரோ ஒருத்தர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. நானும் அந்த நீதிமன்றம் வேணும் என்கிற ஆள்தான். ஆனால் கேட்க முதல், அந்த நீதிமன்றத்தின் வாசற்படியில் என்ன எழுதியிருக்குது என்று ஒருக்கால் வாசியுங்கள். அங்கே போகிற முறைப்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை நடந்தது என்ன என்று விசாரிக்கப்படாமலே, அந்த வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.

ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 35ஆம் உறுப்புரை சொல்வது இதுதான்: முதலில் உன் நாட்டில் இருக்கிற சட்டப் பரிகாரங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடி, பிறகு இங்கே வா. (பரிகாரம் என்றவுடன் சனீஸ்வரன் ஞாபகம் வந்தால் அது உங்கள் பிழையில்லை.) விதியில் நியாயம் இருக்குது. ஒரு அரசு தன் பிழையைத் தானே திருத்த முதலில் ஒரு சந்தர்ப்பம் பெறவேணும். என் சண்டை விதியோடு இல்லை. எதைப் பரிகாரம் என்று எண்ணுகிறார்கள், அதை யார் நிரூபிக்கவேணும் என்பதில்தான்.

இதற்கு ஸ்ட்ராஸ்பேர்க் ஒருகாலத்தில் நல்ல பதில் சொன்னது. துருக்கியின் டியார்பக்கிர் மாகாணத்தில் கெலெக்சி என்றொரு குர்திஷ் கிராமம். 1992 நவம்பரில் பாதுகாப்புப் படையினர் வந்து வீடுகளை எரித்தார்கள் என்று ஊரவர்கள் முறையிட்டார்கள். உள்நாட்டு நீதிமன்றங்களில் கால் வைக்காமல், 1993இல் நேரே ஐரோப்பாவுக்குப் போனார்கள். அரசு வழமையான பாட்டைப் பாடியது: நிர்வாக நீதிமன்றம் இருக்குது, அங்கே இராணுவம் பிழை விட்டது என்று காட்டத் தேவையில்லை, நட்டஈடு கிடைக்கும், ஏன் போகவில்லை?

அக்திவார் வழக்கு என்று அறியப்படும் இதில், 1996 செப்டம்பரில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒரு பரிகாரம் சட்டப் புத்தகத்தில் மட்டுமல்ல, நடைமுறையிலும் வேலை செய்கிறது என்று முதலில் அரசுதான் காட்டவேணும் என்றது. இத்தனை கிராமங்கள் அழிந்திருக்க, படையினர் வேண்டுமென்றே எரித்த வீட்டுக்கு நட்டஈடு கொடுத்த ஒரு வழக்கையாவது காட்டச் சொன்னால், அரசிடம் காட்ட ஒன்றுமில்லை. ஊரவர்கள் அந்த நேரம் பயத்தில் இருந்தார்கள் என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. போதாததற்கு, ஐரோப்பாவுக்கு ஏன் எழுதினாய் என்று அதிகாரிகள் முறைப்பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்ததும் தனி மீறலாகத் தீர்ப்பில் பதிவானது. ஆனால் தீர்ப்பில் ஒரு சின்ன வசனமும் இருந்தது: இது இந்த வழக்குக்கு மட்டும், அந்தப் பகுதியில் பரிகாரமே இல்லை என்று நாங்கள் பொதுவாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த எல்லாம் அந்த வசனத்தின் ஓட்டைக்குள்ளால்தான் வந்தன.

2004இல் துருக்கி ஒரு நட்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இலக்கம் 5233. மாகாணம் தோறும் ஆணைக்குழு. தலைப்பிலேயே விஷயம் தெரியும்: பயங்கரவாதத்தாலும் அதற்கெதிரான நடவடிக்கைகளாலும் ஏற்பட்ட நட்டங்கள். வீட்டை யார் எரித்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, இழந்த பொருளுக்குக் காசு மட்டும். மன வேதனைக்கு ஒன்றும் இல்லை. 2006 ஜனவரியில், இச்யெர் என்ற வழக்கில், அரசு கொண்டுவந்து கொடுத்த மாதிரித் தீர்மானங்களைப் பார்த்துத் திருப்திப்பட்ட ஸ்ட்ராஸ்பேர்க், இது நல்ல பரிகாரம், எல்லாரும் அங்கே போங்கள் என்றது. சட்டம் வர முதலே முறையிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் அதே பதில்தான். கிட்டத்தட்ட 1,500 வழக்குகள் அப்படியே விழுந்தன. அதே வருடம் டிசம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வோச், அந்த ஆணைக்குழுக்களின் தீர்மானங்கள் நியாயமற்றவை, ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாதவை என்று அறிக்கை வெளியிட்டது. கோப்புகள் ஏற்கெனவே மூடியாயிற்று.

ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட ஆட்களுக்கு ஏன் சிரிப்பு வருகுது என்று விளக்கத் தேவையில்லை.

2017இல் நடந்தது இதையும் தாண்டியது. 2016 ஜூலை சதிமுயற்சிக்குப் பிறகு துருக்கி அவசரகால ஆணைகளால் லட்சத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்களை வேலையால் நிறுத்தியது. விசாரணை இல்லை, ஆணையோடு இணைத்த பட்டியலில் பெயர் மட்டும். அப்படி வேலை போன ஒரு ஆசிரியர் ஸ்ட்ராஸ்பேர்க்குக்குப் போனார். அவசரகால ஆணைகளைப் பரிசீலிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றமே 2016 ஒக்டோபரில் சொல்லியிருந்தது. அப்படியென்றால் அவர் எந்தக் கதவைத் தட்டுவது? 2017 ஜனவரியில் அரசு இன்னொரு ஆணையால் 7 பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அறிவித்தது. ஜூனில், கொக்சால் தீர்மானத்தில், ஸ்ட்ராஸ்பேர்க் அந்த ஆசிரியரை அந்த ஆணைக்குழுவிடம் அனுப்பியது. அது விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே ஜூலையில்! அதாவது, ஒரு கோப்பும் திறக்காத அலுவலகம் பரிகாரமாகிவிட்டது. 1996இல் அரசிடம் கேட்ட "ஒரு உதாரணம் காட்டு" என்ற கேள்விக்கு என்ன நடந்தது?

பிறகு வந்த கணக்கு இது. 2023 ஜனவரி வரைக்கும் ஏறத்தாழ 127,000 விண்ணப்பங்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டவை ஏறத்தாழ 18,000. நிராகரிக்கப்பட்டவர் அங்காராவில் நிர்வாக நீதிமன்றம், மேன்முறையீடு, அரசியலமைப்பு நீதிமன்றம் எல்லாம் ஏறி முடித்தால்தான் திரும்ப ஸ்ட்ராஸ்பேர்க் வரலாம்.

இதற்குள் இன்னொரு பொறியும் இருக்குது. கடைசி உள்நாட்டுத் தீர்மானம் வந்து 4 மாதத்துக்குள் ஸ்ட்ராஸ்பேர்க்கில் முறையிடவேணும் (2022 பெப்ரவரிக்கு முதல் 6 மாதம்). ஆனால் பலன் தராத பரிகாரத்தின் பின்னால் ஓடிய காலத்துக்கு மணிக்கூடு நிற்பதில்லை. நேரே போனால், உள்நாட்டில் முயற்சிக்கவில்லை. உள்நாட்டில் முயன்று பிந்திப் போனால், அது பலனற்றது என்று உனக்குத் தெரிந்திருக்கவேணும், காலம் கடந்துவிட்டது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி முறைப்பாட்டுக்காரருக்குத்தான்.

நீதிமன்றத்தின் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. ஆயிரக்கணக்கான ஒரேமாதிரி வழக்குகள் வந்து குவிந்தால் அது மூழ்கிப்போகும். உண்மைதான். ஆனால் நிராகரிப்பதும் நிறுத்தி வைப்பதும் ஒன்றில்லை. கோப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஆணைக்குழு என்ன செய்யுது என்று பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். அமெரிக்கக் கண்டத்து நீதிமன்றம் தன் முதல் பெரிய வழக்கிலேயே அப்படித்தான் செய்தது. ஹொண்டுராஸில் 1981இல் ஒரு மாணவர் காணாமல் ஆக்கப்பட்டார். உள்நாட்டுப் பரிகாரம் முடியவில்லை என்று அரசு சொன்னபோது, அந்த ஆட்சேபத்தை வாசலில் வைத்துத் தீர்க்காமல் முழு வழக்கோடும் சேர்த்து விசாரித்தார்கள். 1988 தீர்ப்பு சொன்னது: அங்கே ஆட்கொணர்வு மனு போடுவதென்றால் ஆள் எங்கே, யாரிடம் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று எழுதவேணும், இரகசியமாகக் கடத்தப்பட்டவருக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே அது பரிகாரமே இல்லை. ஆட்கொணர்வு மனு என்ற சொல்லோடு வளர்ந்த எங்களுக்கு இந்த வாதம் உடனே விளங்கும்.

அமெரிக்கச் சமவாயமும் ஆபிரிக்கச் சாசனமும், உள்நாட்டு நடவடிக்கை நியாயமில்லாமல் இழுபட்டால் விலக்கு உண்டு என்று எழுத்திலேயே வைத்திருக்கின்றன. ஐரோப்பிய 35ஆம் உறுப்புரையில் அந்த வசனம் இல்லை, அதை நீதிபதிகளின் கையில் விட்டிருக்கிறார்கள். அதனால், தெற்காசிய நீதிமன்றத்துக்கு யாராவது எப்பவாவது வரைபு எழுத உட்கார்ந்தால், நான் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது உரிமைகளின் பட்டியலை இல்லை. அனுமதி பற்றிய உறுப்புரையில், பரிகாரம் வேலை செய்தது என்பதை அரசு நடந்த வழக்குகளைக் காட்டி நிரூபிக்கவேணும், முறைப்பாடு பதிவான பிறகு பிறந்த ஆணைக்குழு கணக்கில் வராது என்று எழுதியிருக்குதா என்றுதான்.