படத்தின் கீழே மூன்று வரி

கோடை விடுமுறை நெருங்கினால் நம் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிகளில் ஒரு வகை விளம்பரம் தவறாமல் வந்துவிடுகிறது. மேலே ஒரு கணினித் திரையின் படம். அதில் மரத்திலிருந்து ஆப்பிள் விழுகிறது, கீழே ஒரு கூடை அதைப் பிடிக்கிறது. படத்தின் அடியில் மூன்று வரி: ‘எங்கள் மாணவர் செய்த மாதிரித் திட்டம்’, ‘வயது 6 முதல் 14 வரை’, ‘சனி, ஞாயிறு காலை 10 முதல் 11 வரை, 8 வகுப்புகள்’. அதன் கீழே கட்டணம். சிறுவர்களுக்கு கோடிங், அதாவது கணினிக்கு நிரல் எழுதுவது, கற்றுத் தரும் வகுப்புக்கான அழைப்பு இது.

இத்தகைய வகுப்புகளே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று வரிகளைப் படிக்கத் தெரியாமல் பணம் கட்டிவிட்டு, நான்கு வாரம் கழித்துப் பிள்ளை என்ன கற்றது என்று தெரியாமல் விழிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆகவே அவ்வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வரி, மாதிரித் திட்டம். இத்தகைய ஆப்பிள் விளையாட்டுகள் பெரும்பாலும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளில் செய்யப்படுபவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007ல் வெளியிட்டது. எல்லோருக்கும் இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். பிள்ளை அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். அந்தத் தளத்தில் மற்றவர் செய்து வைத்த எந்தத் திட்டத்தையும் `See inside` என்ற பொத்தானை அழுத்தித் திறந்து பார்க்கலாம். `Remix` என்பதை அழுத்தித் தன் பெயரில் மாற்றிக்கொள்ளலாம். இது குற்றமல்ல, பிறர் செய்ததைப் பார்த்துக் கற்பதற்காகவே அந்த வசதியை வைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தால் மூல ஆசிரியரின் பெயரும் பக்கத்தில் தெரியும். ஆனால் கோப்பைக் கணினியில் இறக்கி மீண்டும் ஏற்றினால் அந்த அடையாளம் இராது. ஆகையால் படத்தை மட்டும் பார்த்து, அது மாணவர் செய்ததா, ஆசிரியர் செய்ததா, வேறு யாரோ செய்ததா என்று சொல்லவே முடியாது.

பின் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த விளையாட்டின் உள்ளே சற்று நுழைந்து பார்த்தால் விளங்கும். ஆப்பிளுக்கு ஒரு பிள்ளை முதலில் எழுதும் நிரல் அநேகமாக இப்படி இருக்கும்:

```
when flag clicked
set score to 0
go to x: 0 y: 170
forever
  change y by -5
  if touching Basket? then
    change score by 1
```

பொருள் எளிது. கொடியை அழுத்தியதும் மதிப்பெண் பூஜ்யம். ஆப்பிள் மேலே போய் நிற்கிறது. பிறகு ஓயாமல் ஐந்து ஐந்து புள்ளியாகக் கீழே இறங்குகிறது. கூடையைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூடுகிறது. படித்துப் பார்த்தால் குறை ஏதும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் வேடிக்கை. ஒரே ஓர் ஆப்பிள் விழுந்ததும் மதிப்பெண் 1 ஆகாமல் 14 ஆகிவிடும்!

காரணம் இதுதான். `forever` என்ற கட்டளை இங்கே விநாடிக்குச் சுமார் 30 முறை சுற்றுகிறது. ஆப்பிளின் உயரம் 30 புள்ளி, கூடையின் உயரம் 40 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடை தரைக்குச் சற்று மேலே நிற்கிறது. ஆப்பிளின் அடி கூடையின் விளிம்பைத் தொட்டதிலிருந்து அதன் தலை கூடையை விட்டு நீங்கும் வரை 70 புள்ளி தூரம். சுற்றுக்கு 5 புள்ளி வீதம் 14 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் கணினி ‘தொடுகிறதா?’ என்று புதிதாகக் கேட்கிறது, ‘ஆம்’ என்று பதில் வருகிறது, ஒன்று கூட்டுகிறது. முந்தைய சுற்றிலேயே இந்த ஆப்பிளை எண்ணிவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. கூடை தரையோடு ஒட்டி நின்றுவிட்டாலோ, ஆப்பிள் அதற்குள்ளேயே தங்கி, மதிப்பெண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.

திருத்தம், எண்ணியவுடன் ஆப்பிளை அங்கிருந்து அகற்றிவிடுவது. தவறவிட்ட ஆப்பிளையும் மேலே அனுப்ப வேண்டும். இல்லையேல் ஒரு ஆப்பிளோடு ஆட்டம் முடிந்துவிடும்.

```
if touching Basket? then
  change score by 1
  go to x: pick random -200 to 200 y: 170
if y position < -170 then
  go to x: pick random -200 to 200 y: 170
```

பிள்ளை இவ்வகுப்பில் கற்க வேண்டிய பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மதிப்பெண் ஏன் 14 ஆயிற்று என்று தானே யோசித்து, வேகத்தை -5லிருந்து -10 ஆக மாற்றிப் பார்த்து, 14 என்பது 7 ஆகக் குறைவதைக் கண்டு, ‘ஓகோ, இது பலமுறை எண்ணுகிறது’ என்று பிடித்துவிட்டால் அந்தப் பிள்ளை நிரல் எழுதக் கற்றுவிட்டது. ஆசிரியர் வந்து ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போனால் விளையாட்டு சரியாக ஓடும், படமும் அழகாக வரும். பிள்ளையின் தலையில் ஒன்றும் ஏறியிராது. இரண்டுக்கும் படம் ஒன்றுதான். ரயில்வே சிக்னல் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விழ வேண்டிய சிக்னல் விழுகிறதா என்று பார்ப்பது பாதி சோதனை. விழக்கூடாத சிக்னல் விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மீதி. மாதிரித் திட்டத்தின் படம் முதல் பாதியை மட்டுமே காட்டுகிறது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே. வகுப்பில் படித்து முடித்த ஒரு பிள்ளையை அழைத்து, ‘அழுகின ஆப்பிள் ஒன்று சேர்த்து, அதைப் பிடித்தால் மதிப்பெண் இரண்டு குறையும்படி செய்து காட்டு’ என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடுமாறியாவது செய்துவிட்டால் திட்டம் அந்தப் பிள்ளையுடையது. ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால் திட்டம் ஆசிரியருடையது.

இரண்டாவது வரி, வயது. 6 முதல் 14 வரை என்றால் ஒன்றாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒரே பெஞ்சில். ஸ்க்ராட்ச் செய்தவர்களே அதை 8 முதல் 16 வயதுக்கு என்று வகுத்திருக்கிறார்கள். 5 முதல் 7 வயதுக்கு, எழுத்து வாசிக்கத் தேவையில்லாத ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற வேறொன்றை 2014ல் தனியாக வெளியிட்டார்கள். காரணம் மேலே உள்ள நிரலிலேயே இருக்கிறது. `change y by -5` என்பதைப் புரிந்துகொள்ள மைனஸ் எண் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் அது ஆறு, ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. சிறு குழந்தை ஆசிரியர் சொன்ன எண்ணைத் தட்டிவிடும், ஆப்பிள் விழும், ஏன் விழுந்தது என்பது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்றுத் தரவே முடியாது என்பதல்ல. அதற்குத் தனிப் பாடமும் தனி வேகமும் வேண்டும்.

வயதைக் காட்டி ஆசை மூட்டுவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. வைட்ஹேட் ஜூனியர் என்ற இணையவழி வகுப்பு நிறுவனத்தை 2020ல், நம் கண்ணூர்க்காரரான பைஜு ரவீந்திரனின் பைஜூஸ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதன் விளம்பரங்களில் ‘வுல்ஃப் குப்தா’ என்ற சிறுவன் கோடிங் கற்றுக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினான். ஒரு விளம்பரத்தில் சொன்ன வயதும் சம்பளமும் இன்னொன்றில் இல்லை. கடைசியில் அப்படியொரு சிறுவனே இல்லை, கற்பனைப் பாத்திரம் என்றாயிற்று. அதே ஆண்டு விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்குப் புகார்கள் போக, நிறுவனம் 5 விளம்பரங்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. நம் தெருமுனை வகுப்புகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் வயது எழுதும் வரியை யாரும் சோதிப்பதில்லை என்ற துணிவு இரண்டுக்கும் பொது.

மூன்றாவது வரி, நேரம். 8 வகுப்பு, வகுப்புக்கு 1 மணி. மொத்தம் 8 மணி நேரம். ஒரு பேட்சில் எத்தனை பேர், எத்தனை கணினி என்பது எழுதப்படுவதே இல்லை. 12 பிள்ளைகள், 6 கணினி என்று கொள்வோம். விசைப்பலகை ஒரு பிள்ளையின் கையில் இருப்பது பாதி நேரம்தான். ஆக 4 மணி. ஆசிரியர் முதல் 12 நிமிடம் பொதுவாக விளக்கினால், மீதி 48 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 4 நிமிடம். மதிப்பெண் 14 ஆகிவிட்ட குழப்பத்தைப் பிள்ளையே அவிழ்க்கும்வரை காத்திருக்க அந்த 4 நிமிடம் போதாது. ஆகவேதான் ஆசிரியர் தாமே கட்டையைச் செருகிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி.

இன்னொன்றும் உண்டு. சனி, ஞாயிறு காலை என்பது வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கிடைக்கும் நேரம். பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி. தமிழுக்கு வார இறுதியின் அந்த ஒரு மணி நேரம்தான். கோடிங் வகுப்பு அதே நேரத்தில் வந்தால் எது விடுபடும் என்று நமக்குத் தெரியும். கோடிங்கைப் பின்னரும் கற்கலாம். பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம் 2018ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வழியாக அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணமில்லாமலே வாய்ப்பு உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்து உறுப்பினரைச் சேர்க்கிறார்கள். தமிழை அவ்விதம் தள்ளிப்போட்டுக் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அவரவர் வீட்டிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் அறிவிப்புப் பலகையிலும் இதழிலும் இத்தகைய வகுப்பு விளம்பரங்களை ஏற்பதற்கு முன், நான்கு விவரம் எழுதித் தரும்படி கேட்கலாம்: காட்டிய திட்டத்தில் மாணவர் செய்தது எது, எத்தனை மணி நேரத்தில் செய்தார், ஒரு பேட்சில் எத்தனை பேர், எத்தனை கணினி. நல்லபடி நடத்துபவருக்கு இவற்றை எழுத ஐந்து நிமிடம் போதும். விளம்பரத்தில் இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவே. தமிழ் வகுப்பு நேரத்தில் வைக்காதவர்களுக்குச் சங்கக் கட்டடத்தில் இடம் தருவதையும் நிர்வாகக் குழு பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.